அப்பாவுக்கு விவரிப்பு, தம்பிக்குச் சைகை: அந்தப் புகைப்படத்தில் இருந்தது யார்?

#1 தேன்மொழி

வணக்கம். அப்பாவுக்கு மூன்று வருடமாகப் பார்வை இல்லை. தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இருவரும் ஒரே தொடரைப் பார்க்கிறார்கள். அப்பா மாலையில் ஆடியோ டிஸ்கிரிப்ஷனோடு, அதாவது திரையில் நடப்பதைச் சொல்லும் விவரிப்புக் குரலோடு கேட்பார். அதே பகுதி நள்ளிரவில் மறு ஒளிபரப்பாகும்போது திரையின் வலது ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் வருவார். அதைப் பதிவு செய்து மறுநாள் தம்பி பார்ப்பான். நான் இரண்டு பேரோடும் உட்காருவதால் எல்லாக் காட்சியும் எனக்கு இரண்டு முறை.

நேற்றைய காட்சி இது. நாயகி இருட்டில் வீட்டுக்குள் வருகிறாள். அறை கலைந்து கிடக்கிறது. இழுப்பறையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துப் பார்க்கிறாள். அதற்குள் போன் அடிக்கிறது. விவரிப்பில் "ஒரு புகைப்படத்தைப் பார்க்கிறாள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார்கள். படத்தில் யார் என்று சொல்லவே இல்லை. "அதைச் சொல்லாம என்னத்தச் சொல்றாங்க?" என்று அப்பா கோபித்துக்கொண்டார்.

சைகை வடிவத்திலும் அதே இடத்தில்தான் குழப்பம். மொழிபெயர்ப்பாளர் கையைக் கீழே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிச் சும்மா நின்றார். வசனத்தை மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். தம்பி மட்டும் "சரியாகத்தான் செய்கிறார்" என்றான்.

இதுபோகச் சின்னதாக ஒரு தொல்லை: டிவியோடு சவுண்ட்பாரை இணைத்தால் விவரிப்புக் குரல் காணாமல் போய்விடுகிறது. யாராவது விளக்க முடியுமா?

#2 கோபால்

விவரிப்பு எழுதியவரின் சோம்பேறித்தனம்தான், வேறென்ன. திரையில் இருப்பதைச் சொல்லத்தானே வைத்திருக்கிறார்கள்?

தம்பி விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சப்டைட்டில் இருக்கும்போது சைகைக்காரர் எதற்கு? எழுத்தாகவே எல்லாம் வந்துவிடுகிறதே. படத்தில் ஒரு மூலையை மறைப்பதுதான் மிச்சம்.

#3 சங்கர்72

எங்கள் வீட்டு டிவியிலும் இதே தொல்லைதான். சேனல் மாற்றினால் ஒரு பெண் குரல் நம்பரைச் சொல்கிறது, சத்தம் கூட்டினால் "வால்யூம் இருபது" என்கிறது. ஆனால் நாடகம் ஓடும்போது ஒன்றுமே சொல்வதில்லை. இதை எப்படி நிறுத்துவது?

#4 விவரிப்புக்காரி

தேன்மொழி, விவரிப்பு எழுதுவதுதான் என் வேலை. ஆறு வருடமாகச் செய்கிறேன். உங்கள் தொடர் நான் எழுதியதல்ல. ஆனாலும் அந்தக் காட்சியை என் மேசையில் வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நேரங்கள் நானாக வைத்தவை.

எங்கள் முதல் விதி, வசனத்தின் மேல் பேசக் கூடாது. காதில் விழுந்தாக வேண்டிய சத்தத்தின் மேலும் பேசக் கூடாது. ஆகவே எனக்குக் கிடைப்பது இடைவெளிகள் மட்டும். கதவு கிறீச்சிடுவதும் காலடியும் முதல் 4 வினாடி. அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன், யாரோ உள்ளே வருகிறார்கள் என்பதைச் சத்தமே சொல்லிவிடுகிறது. 4 முதல் 11 வரை ஓர் இடைவெளி. 11இல் போன் அடிக்கிறது, அது கேட்க வேண்டும். 13 முதல் 17 வரை இன்னோர் இடைவெளி. பிறகு அவள் "ஹலோ" என்கிறாள். ஆக எனக்கு ஒரு 7 வினாடியும் ஒரு 4 வினாடியும்தான்.

முதல் வரைவை இப்படி எழுதுவேன்: "இருட்டு அறை. சுவர்ப் படங்கள் தரையில் சிதறிக் கிடக்கின்றன. திறந்த இழுப்பறையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுக்கிறாள்." சத்தமாகப் படித்துக் கடிகாரம் வைத்துப் பார்த்தால் 9 வினாடி. இரண்டு வினாடி அதிகம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 160 சொல் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். தமிழில் சொல்லை எண்ணுவதில் பயனே இல்லை. "இழுப்பறையிலிருந்து" ஒரே சொல்தான், சொல்லி முடிப்பதற்குள் ஒன்றரை வினாடி போய்விடும். வாய்விட்டுப் படித்துத்தான் ஆக வேண்டும்.

சரி, வெட்டுகிறேன்: "இருட்டு அறை. படங்கள் தரையில் கிடக்கின்றன. இழுப்பறையிலிருந்து ஒரு புகைப்படம் எடுக்கிறாள்." இது ஏழுக்குள் அடங்குகிறது. இரண்டாவது இடைவெளிக்கு முதலில் "படத்தில், நெற்றியில் தழும்புள்ள ஒருவர். அவள் கை நடுங்குகிறது" என்று எழுதுவேன். நாலு வினாடிக்குக் கொஞ்சம் நெருக்கடி. கை நடுங்குவதை எடுத்துவிடலாம், அடுத்து அவள் "ஹலோ" சொல்லும்போது குரலிலேயே நடுக்கம் இருக்கிறது. தழும்பை எடுக்க முடியாது, அதைச் சொல்லும் சத்தம் எதுவும் காட்சியில் இல்லை.

உங்கள் தொடரில் இரண்டாவது இடைவெளியைச் சும்மா விட்டிருக்கிறார்கள். ஏன் என்பது முதல் பகுதியைப் பார்த்தால்தான் தெரியும். படத்தில் இருப்பவர் முன்பே வந்தவரா?

#5 தேன்மொழி

முதல் பகுதியில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். பெயர் சொல்ல மாட்டார்கள், வசனமும் கிடையாது. நெற்றித் தழும்பை மட்டும் கேமரா கிட்டத்தில் காட்டும்.

(தழும்பை நீங்கள் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? நான் எழுதவே இல்லையே!)

#6 விவரிப்புக்காரி

தெரிந்து சொன்னதில்லை, ஊகம் அகப்பட்டதுதான். பெயர் தெரியாத ஆளைப் பிறகு அடையாளம் காட்டத் தழும்பு, மச்சம், இல்லாவிட்டால் மோதிரம். எழுதுபவர்கள் எல்லோருக்கும் அதே பழக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெயரைச் சொல்லவே கூடாது. பார்ப்பவருக்குத் தெரியாததைக் கேட்பவருக்கு மட்டும் முன்கூட்டியே சொன்னால் கதை கெட்டுவிடும். வேறு வழி இருக்கிறது: பேருந்து நிறுத்தத்திலேயே "நெற்றியில் தழும்புள்ள ஒருவர்" என்று விதைத்துவிட வேண்டும். புகைப்படம் வரும்போது அதே சொற்களை ஓர் எழுத்து மாற்றாமல் திரும்பச் சொல்ல வேண்டும். பார்ப்பவரின் கண் முகத்தை அடையாளம் கண்டுகொள்வது போல, கேட்பவரின் காது அந்தச் சொற்களைக் கண்டுகொள்ளும். அழகுக்காக இரண்டாம் முறை "வடுவோடு ஒரு மனிதர்" என்று மாற்றி எழுதினால் எல்லாம் போச்சு.

முதல் பகுதியில் தழும்பைச் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் நேற்று எழுதியவருக்குக் கையில் ஒன்றும் இல்லை. இது அடிக்கடி நடப்பதுதான். முழுப் பருவத்தையும் ஒன்றாகத் தந்தால் எது பின்னால் முக்கியம் என்று தெரிந்து எழுதலாம். தினத்தொடரில் ஒவ்வொரு பகுதியாகத்தான், அதுவும் ஒளிபரப்புக்கு ஒரு நாள் முன்னால் கைக்கு வரும். ஓரமாக நிற்கிற ஆளை விட்டுவிடுவோம். இருபது பகுதி கழித்து அவர்தான் வில்லன்.

#7 முத்துவேல்

நான் பார்வையற்றவன். இந்த இழையையே ஸ்கிரீன் ரீடரில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா சொன்னது சரி, ஆனால் ஒன்றில் எனக்குச் சண்டை உண்டு.

உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது "பார்த்ததைச் சொல், பொருள் சொல்லாதே" என்பது. அதனால் "அவள் கண்கள் விரிகின்றன, உதடு லேசாகப் பிரிகிறது" என்று எழுதுகிறீர்கள். நான் பிறவியிலிருந்தே பார்க்காதவன். கண் விரிந்தால் பயமா, வியப்பா, ஆசையா என்று நான் ஒரு முகத்தைப் பார்த்து அறிந்ததில்லை. "பயந்து போகிறாள்" என்று இரண்டே சொல்லில் முடித்தால் நேரமும் மிச்சம், எனக்கும் புரியும். பார்வை உள்ளவருக்கு அந்த முகம் ஒரு நொடியில் பயமென்றே படுகிறது. எனக்கு மட்டும் எதற்கு விடுகதை?

தேன்மொழியின் அப்பா மூன்று வருடம் முன்புவரை பார்த்தவர். அவருக்கு வேறு மாதிரி பிடிக்கலாம்.

இன்னொன்று: 2015இல் நெட்பிளிக்ஸ் தன் முதல் ஆடியோ டிஸ்கிரிப்ஷனை விட்டது டேர்டெவில் தொடருக்கு. பார்வையற்ற நாயகன் கதை. அதுவே விவரிப்பு இல்லாமல் வெளிவந்து, கேள்வி எழுந்து, சில நாள் கழித்துத்தான் வந்தது. நாயகனாலேயே தன் தொடரைப் பார்க்க முடியாத நிலை என்று அப்போது சிரித்துக்கொண்டோம்.

#8 விவரிப்புக்காரி

முத்துவேல், இது எங்கள் குழுவிலேயே தீராத சண்டை. நடிகர் வேண்டுமென்றே குழப்பமாக வைத்திருக்கும் முகத்துக்கு நான் "பயம்" என்று முத்திரை குத்தினால், அந்தக் குழப்பத்தை உங்களிடமிருந்து திருடியவளாகிறேன். தெளிவான முகமென்றால் இப்போதெல்லாம் நேராகவே எழுதிவிடுகிறேன். மேலே சரிபார்ப்பவர் சில நேரம் அடித்துவிடுவார்.

#9 கைமொழி

நான் காது கேளாதவள். சைகை மொழிதான் என் தாய்மொழி, தமிழ் பிறகு படித்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபால் சார், உங்களுக்குப் பாதி பதில். நாற்பது வயதுக்கு மேல் காது போனவர்களுக்குச் சப்டைட்டில்தான் நல்லது. அவர்களுக்குத் தமிழ் முன்பே தெரியும், சைகை தெரியாது. என் நிலை வேறு. எனக்குச் சப்டைட்டில் என்பது இரண்டாம் மொழியில், ஓடுகிற வேகத்தில் படிப்பது. உங்களுக்குப் பள்ளியில் படித்த மொழி ஒன்றில் இரண்டு மணி நேரப் படத்தை வெறும் எழுத்தாக ஓடவிட்டால் எப்படி? கேலியும் குத்தலும் எழுத்தில் சப்பென்று வரும். "ரொம்ப நல்லவர்" என்று எழுதினால் நிஜமா, நக்கலா? சைகையில் அது முகத்திலேயே இருக்கிறது. புருவம் ஏறுவது எங்களுக்குக் கேள்வி, வாய் வடிவம் அளவு. கை பாதி, முகம் பாதி.

தேன்மொழி அக்கா, உங்கள் தம்பி சொன்னது சரி. அவர் மறக்கவில்லை. எனக்கு இரண்டு கண் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும். கை அசைந்தால் கண் கைக்குப் போய்விடும். அதனால் படத்தில் பார்க்க வேண்டியது வரும்போது நல்ல மொழிபெயர்ப்பாளர் கையை இறக்குவார், தானும் படத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பார். "இப்போது அங்கே பார்" என்று அர்த்தம். புகைப்படத்தை நான் பார்த்தேன், தழும்பையும் பார்த்தேன். அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்திருந்தால் தவறவிட்டிருப்பேன்.

#10 தேன்மொழி

அட! ஒரே நொடியில் அப்பாவுக்கு யாராவது பேசியிருக்க வேண்டும், தம்பிக்கு யாரும் பேசக் கூடாது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

#11 கோபால்

கைமொழி, மன்னிக்கவும், தெரியாமல் சொல்லிவிட்டேன். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதான் என்பதால், வெளிநாட்டு நிகழ்ச்சியின் சைகை வடிவத்தையே எல்லோருக்கும் காட்டிவிட்டால் செலவும் மிச்சம் என்று ஒரு யோசனை இருந்தது.

#12 கைமொழி

ஒன்று இல்லை சார். அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் பேசுவது ஆங்கிலம், ஆனால் அவர்கள் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாது. அமெரிக்க சைகை மொழி பிரெஞ்சு சைகை மொழிக்குத்தான் உறவு. விரலால் எழுத்துக் காட்டுவதே அங்கே ஒரு கையில், பிரிட்டனில் இரண்டு கையில்.

தெரியாதவர் கண்ணுக்குக் கையசைவெல்லாம் ஒன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். 2013இல் நெல்சன் மண்டேலா நினைவு நிகழ்ச்சியில் உலகத் தலைவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் மணிக்கணக்கில் சைகை செய்தார். காது கேட்பவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பார்த்த காது கேளாதவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள், இது எந்த மொழியும் இல்லை என்று. முகம் அசையவே இல்லை, பேச்சு என்னவானாலும் அதே சில அசைவுகள் சுற்றிச் சுற்றி வந்தன. நீங்களும் இதை வைத்துப் பார்க்கலாம்: பேச்சு மாறும்போது முகம் மாறுகிறதா?

#13 சங்கர்72

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

#14 ஒலிக்கம்பி

சங்கர் சார், உங்களுடையது வேறு விஷயம். அது டிவியே தன் மெனுவைப் படித்துக்காட்டும் வசதி, நிகழ்ச்சியோடு சம்பந்தமில்லை. அமைப்புகளில் அணுகல் வசதி என்ற பகுதிக்குப் போய்க் குரல் வழிகாட்டியை அணைத்துவிடுங்கள். விவரிப்பும் அதே பகுதியில் வேறு பெயரில் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

தேன்மொழி, சவுண்ட்பார் விஷயம். நான் ஒளிபரப்பில் ஒலிப் பக்கம் வேலை பார்த்தவன். விவரிப்பை அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்றில் நிகழ்ச்சி ஒலியையும் விவரிப்பையும் நிலையத்திலேயே கலந்து ஒரே தடமாக அனுப்புவார்கள். அது எங்கே போனாலும் கேட்கும். மற்றதில் விவரிப்பாளர் குரல் மட்டும் தனித் தடத்தில் வரும். கூடவே "இந்த இடத்தில் நிகழ்ச்சிச் சத்தத்தை இவ்வளவு இறக்கு" என்ற குறிப்பும் வரும். கலப்பது உங்கள் பெட்டியின் வேலை.

உங்கள் வீட்டில் இரண்டாவது வழி என்று நினைக்கிறேன். டிவி ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை டிவி கலக்கிக் கொடுக்கிறது. சவுண்ட்பாருக்கோ முதன்மைத் தடத்தைப் பிரிக்காமல் அப்படியே தள்ளிவிடுகிறது. கலப்பதற்கு அங்கே ஆளில்லை. டிவியின் ஒலி வெளியீட்டு அமைப்பில் "பிட்ஸ்ட்ரீம்" அல்லது "பாஸ்த்ரூ" என்று இருந்தால் "பிசிஎம்" என்று மாற்றிப் பாருங்கள். சுற்றொலி போய் ஸ்டீரியோ ஆகலாம், ஆனால் குரல் வரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அணுகல் பகுதிக்குப் போகாமல் ஒலி மொழிப் பட்டியலில் விவரிப்புத் தடத்தை நேராகத் தேர்ந்தெடுத்தால், சில பெட்டிகள் அதை இன்னொரு மொழி என்று நினைத்துக்கொள்ளும். நாடகமே கேட்காது. விவரிப்பாளர் மட்டும் நிசப்தத்தில் அவ்வப்போது பேசுவார். அப்படி ஆனால் சேனலைத் திட்டாதீர்கள்.

#15 தேன்மொழி

பிசிஎம் மாற்றினேன், குரல் வந்துவிட்டது! இப்போது வேறு பிரச்சினை: விவரிப்பு வரும்போது நாடகச் சத்தம் ரொம்ப இறங்கிவிடுகிறது என்கிறார் அப்பா.

#16 ஒலிக்கம்பி

விவரிப்பின் ஒலியளவுக்குத் தனி அளவுகோல் இருக்கிறதா என்று அதே அணுகல் பகுதியில் பாருங்கள். அது குரலைத்தான் கூட்டும், குறைக்கும். நாடகம் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது நிலையத்திலிருந்தே வரும் குறிப்பு, அதை வீட்டில் மாற்ற முடியாது. குரலைக் குறைத்துவிட்டு மொத்தச் சத்தத்தைக் கூட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

#17 கைமொழி

எனக்கும் ஒரு டிவிக் கேள்வி. என் டிவியில் மொழிபெயர்ப்பாளரின் வலது முழங்கை திரைக்கு வெளியே வெட்டுப்படுகிறது. நண்பர் வீட்டில் அதே நிகழ்ச்சி முழுசாகத் தெரிகிறது. பக்கவாட்டுச் சைகைகள் பாதியில் மறைகின்றன.

#18 ஒலிக்கம்பி

பட அளவு "ஜூம்" அல்லது ஏதாவது பெரிதாக்கும் முறையில் இருக்கும். ஓரங்களைத் தின்றுவிடும். திரைக்குப் பொருந்தும் முறையில் வைத்தால் முழுப் படமும் வரும்.

பிரிட்டனின் ஒளிபரப்பு வழிகாட்டுதலில் சைகையாளர் உருவம் திரையில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, பொதுவாக வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று இருந்தது. அந்த அளவில் முழங்கை வெட்டுப்பட்டால் இழப்பு பெரிது. இன்னொன்று, உருவம் படத்தோடு ஒட்டியே வருகிறது, நீங்கள் விரும்பினால் அணைக்க முடியாது. அதனால்தான் பெரும்பாலும் தனி மறு ஒளிபரப்பு, அதுவும் கண்ட நேரத்தில்.

#19 கைமொழி

வந்துவிட்டது, நன்றி. தூங்குகிற நேரத்தில் போடுவதைப் பற்றி நான் ஆரம்பித்தால் இழை முடியாது.

இன்னொன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் போன் காட்சியில் மறுமுனைக் குரல் "அவனை நம்பாதே" என்கிறது. மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் புரிந்து சைகை செய்வதற்குள் இரண்டு மூன்று வினாடி ஆகிறது. அதற்குள் படம் மாறிச் சமையலறையில் அம்மா முகம். அம்மாதான் "நம்பாதே" என்கிறாள் என்று நினைத்துவிட்டேன். பிறகு ரொம்ப நேரம் கதை புரியவில்லை. போனில் பேசுவது இன்னொருவர் என்று காட்ட உடலைச் சற்றுத் திருப்பி, காதில் போன் வைத்த நிலையில் சைகை செய்வார்கள். இவர் செய்யவில்லை.

#20 விவரிப்புக்காரி

முன்பே பதிவான தொடர்தானே? வசனத்தை முன்கூட்டியே கையில் கொடுத்திருந்தால் அந்த மூன்று வினாடி தேவையே இல்லை. நேரலைச் செய்தியில் என்றால் பின்னால் வரத்தான் செய்யும். தொடருக்கு வசனத் தாள் இல்லாமல் நிற்க வைத்தார்கள் என்றால் அது அவர் தவறில்லை.

#21 தேன்மொழி

முதல் பகுதியைத் தேடிக் கேட்டேன். பேருந்து நிறுத்தத்தில் விவரிப்பு: "சிலர் காத்திருக்கிறார்கள்." அவ்வளவுதான். தழும்பு இல்லை.

அப்பாவிடம் இப்போது நானே சொல்லிவிட்டேன், படத்தில் இருந்தவர் நெற்றியில் தழும்பு உள்ளவர், முதல் பகுதியில் நின்றவர் என்று. "அப்ப அவன்தான் திருடன்" என்றார். அதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது யோசிக்கிறேன்.

முத்துவேல் கேட்டதையும் அவரிடம் கேட்டேன். "கண் விரியுதுன்னு சொல்லட்டும், எனக்கு அந்த முகம் ஞாபகம் வருது" என்கிறார்.

#22 முத்துவேல்

அப்படியென்றால் அவருக்கு ஒரு விவரிப்பு, எனக்கு ஒரு விவரிப்பு. ஒலிக்கம்பி அண்ணா, ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு விவரிப்புத் தடம் அனுப்ப முடியுமா?

#23 ஒலிக்கம்பி

தடமாக அனுப்பத் தடையில்லை. இரண்டாவதை எழுதப் பணம் கொடுப்பவர் யார் என்பதை விவரிப்புக்காரிதான் சொல்ல வேண்டும்.

#24 விவரிப்புக்காரி

முதலாவதற்கே ஒரு நாள் முன்னால்தான் பகுதி கைக்கு வருகிறது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

#25 சங்கர்72

குரல் நின்றுவிட்டது. இப்போது சேனல் நம்பர் தெரியாமல் அம்மா திண்டாடுகிறார், மறுபடி போடச் சொல்கிறார்.